2.6 மில்லிமீட்டர் அலையை வைத்து 0.113 நானோமீட்டரை அளப்பது எப்படி?

கார்பன் மோனாக்சைடு மூலக்கூறில் கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவே உள்ள தூரம் சுமார் 0.113 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ 9 லட்சத்தில் ஒரு பங்கு. இந்தத் தூரத்தைத்தான் பிணைப்பு நீளம் என்கிறார்கள்.

இதை மிகத் துல்லியமாக அளக்கப் பயன்படும் அலையின் நீளம் எவ்வளவு தெரியுமா? 2.6 மில்லிமீட்டர். அளக்க வேண்டிய பொருளைவிட அளவுகோல் 2 கோடி மடங்குக்கும் மேல் பெரியது! சென்டிமீட்டர் கோடுகூட இல்லாத ஒரு ஸ்கேலை வைத்துக்கொண்டு எறும்பின் காலை அளப்பது போல இருக்கிறதா? அதைவிட மோசம்தான். ஆனால் விடை நான்கு இலக்கம் வரை சரியாக வருகிறது. எப்படி?

ரகசியம் இதுதான்: இங்கே யாரும் நீளத்தை நேரடியாக அளப்பதில்லை. மூலக்கூறு எந்த வேகங்களில் சுழல்கிறது என்று பார்க்கிறார்கள். நீளம் கணக்கில் தானாக வந்து விழுகிறது.

ஆபீஸ் நாற்காலி கணக்கு

சுழலும் நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை நீட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிப் பாருங்க. அப்படியே கைகளை மடக்கினால் வேகம் கூடும். எடை மாறவில்லை. அந்த எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் மாறியது. ப்ளஸ் ஒன் இயற்பியலில் படித்த நிலைமத் திருப்புத்திறன் இதுவே. I என்று எழுதுவோம்.

இரண்டு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறை ஜிம்மில் இருக்கும் டம்பெல் போல நினைத்துக்கொள்ளலாம். இரண்டு முனையிலும் எடை, நடுவில் ஒரு கம்பி. அது தன் எடை மையத்தைச் சுற்றிச் சுழல்கிறது. கம்பியின் நீளம் r என்றால், I = μr². இதில் μ என்பது இரண்டு அணுக்களின் நிறையைப் பெருக்கி, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கிடைப்பது. பாடப்புத்தகம் இதைக் குறைக்கப்பட்ட நிறை என்கிறது. அணுக்களின் நிறை நமக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரியும். ஆகவே I தெரிந்துவிட்டால் போதும், r கைக்கு வந்துவிடும்.

நாற்காலிக்கும் மூலக்கூறுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நாற்காலி எந்த வேகத்திலும் சுழலலாம். மூலக்கூறுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. குவாண்டம் விதிப்படி அதற்குச் சில குறிப்பிட்ட ஆற்றல் படிகள் மட்டுமே அனுமதி. B என்ற ஒரு எண்ணை அலகாக வைத்தால், அந்தப் படிகள் 0, 2B, 6B, 12B, 20B என்று போகும். படிகளுக்கு 0, 1, 2, 3 என்று எண் கொடுத்து, அந்த எண்ணை J என்பார்கள். ஆற்றல் B × J(J+1).

ஒளியையோ ரேடியோ அலையையோ விழுங்கும்போது மூலக்கூறு ஒரு நேரத்தில் ஒரு படிதான் ஏற முடியும். முதல் படி ஏற 2B தேவை. அடுத்த படிக்கு 6B − 2B, அதாவது 4B. அதற்கடுத்து 6B, பிறகு 8B. நிறமாலையில் கோடுகள் இந்த இடங்களில் விழும். 2B, 4B, 6B, 8B… அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே எப்போதும் 2B இடைவெளி.

அந்த B-க்குள்தான் நமக்கு வேண்டியது ஒளிந்திருக்கிறது: B = h / (8π²I). h என்பது பிளாங்க் மாறிலி. இடைவெளியைப் பாதியாக்கினால் B, B-யிலிருந்து I, I-யிலிருந்து r. அவ்வளவுதான்.

கோடுகளை யார் பார்த்தார்கள்?

இரண்டாம் உலகப் போரில் ரேடாருக்காக உருவான மைக்ரோவேவ் கருவிகள், போர் முடிந்ததும் இயற்பியல் ஆய்வகங்களுக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வால்டர் கார்டியின் குழு, அந்தக் கருவிகள் தரும் அலைகளை ஒரு படிகத்துக்குள் செலுத்தி, பல மடங்கு அதிர்வெண் கொண்ட மில்லிமீட்டர் அலைகளை உண்டாக்கியது. கார்பன் மோனாக்சைடின் முதல் சுழற்சிக் கோட்டை 1950-ல் அளந்து வெளியிட்டது இந்தக் குழுதான்.

ஏன் கார்பன் மோனாக்சைடு? காற்றில் 78 சதவீதம் இருக்கும் நைட்ரஜனை எடுத்திருக்கலாமே? முடியாது. சுழலும் மூலக்கூறை மின்காந்த அலை பிடித்து ஆட்ட வேண்டுமென்றால், அதன் ஒரு முனை கொஞ்சம் நேர்மின்னாகவும் மறுமுனை கொஞ்சம் எதிர்மின்னாகவும் இருக்க வேண்டும். நைட்ரஜனின் இரண்டு முனையும் ஒன்றுபோல இருப்பதால் அலைக்குப் பிடிமானம் இல்லை. கார்பன் மோனாக்சைடிலும் இந்த மின் வித்தியாசம் ரொம்பச் சின்னதுதான். ஆனால் இருக்கிறது, அது போதும்.

இன்னொரு நிபந்தனை, வாயுவின் அழுத்தம் மிகக் குறைவாக இருக்க வேண்டும். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தில் மூலக்கூறுகள் ஓயாமல் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். அதில் ஒவ்வொரு கோடும் கிகாஹெர்ட்ஸ் கணக்கில் அகன்று, குண்டாகி, நடுப்புள்ளி எங்கே என்றே தெரியாமல் போகும். குழாயிலிருந்து வாயுவை வெளியேற்றிக்கொண்டே வந்தால் கோடு மெலிந்து ஊசிபோல நிற்கும். அப்போதுதான் அதிர்வெண்ணை எட்டு இலக்கம் வரை படிக்க முடிகிறது.

வாங்க, கணக்குப் போடலாம்

கார்பன் மோனாக்சைடின் முதல் ஆறு கோடுகள், கிகாஹெர்ட்ஸில்:

115.2712
230.5380
345.7960
461.0408
576.2679
691.4731

முதல் இரண்டின் இடைவெளி 115.2668. இப்போதைக்கு 115.27 என்று வைத்துக்கொள்வோம். இதில் பாதி 57.635 கிகாஹெர்ட்ஸ். இதுதான் B. ஹெர்ட்ஸில் எழுதினால் 5.7635 × 10¹⁰.

இப்போது I. 6.626 × 10⁻³⁴ ஐ, 78.957 × 5.7635 × 10¹⁰ ஆல் வகுக்க வேண்டும். (78.957 என்பது 8π².) கிடைப்பது 1.456 × 10⁻⁴⁶ கிலோகிராம் மீட்டர்².

அடுத்து நிறை. கார்பன் 12, ஆக்சிஜன் 15.9949. பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுத்தால் 6.8562 அணு நிறை அலகு. ஒரு அலகு 1.6605 × 10⁻²⁷ கிலோகிராம் என்பதால், μ = 1.1385 × 10⁻²⁶ கிலோகிராம்.

I-ஐ μ-ஆல் வகுத்தால் r² = 1.279 × 10⁻²⁰. வர்க்கமூலம் எடுத்தால் r = 1.131 × 10⁻¹⁰ மீட்டர். வேதியியல்காரர்கள் பாஷையில் 1.131 ஆங்ஸ்ட்ராம், அதாவது 0.1131 நானோமீட்டர்.

போன் கால்குலேட்டரிலேயே முடிந்துவிட்டது.

எங்கே தப்பு நடக்கும்?

தேர்வறையில் அதிகம் நடக்கும் தப்பு, இடைவெளியையே B என்று எடுத்துக்கொள்வது. 2-ஆல் வகுக்க மறந்தால் I பாதியாகும், நீளம் √2 பங்கு சுருங்கி 0.80 ஆங்ஸ்ட்ராம் என்று வரும். இந்த எண்ணைப் பார்த்ததும் சந்தேகம் வர வேண்டும். மிகச் சின்ன அணுக்களான இரண்டு ஹைட்ரஜன்கள் கைகோத்தாலே தூரம் 0.74. கார்பனும் ஆக்சிஜனும் 0.80-ல் நெருங்கி நிற்க வாய்ப்பே இல்லை. நைட்ரஜன் மூலக்கூறின் மும்மைப் பிணைப்புகூட 1.10 இருக்கிறது.

இன்னொன்று, அணு நிறையை அட்டவணையிலிருந்து அப்படியே எடுப்பது. ஆவர்த்தன அட்டவணையில் கார்பனுக்கு 12.011 என்று போட்டிருக்கும். அது பல ஐசோடோப்புகளின் சராசரி. நாம் பார்க்கும் கோடோ கார்பன்-12, ஆக்சிஜன்-16 என்ற ஒரு குறிப்பிட்ட ஜோடியுடையது. சராசரி என்ற ஒரு மூலக்கூறு எங்கேயும் சுழல்வதில்லை. சராசரி நிறையைப் போட்டால் விடை 1.1305 ஆகும். பெரிய வித்தியாசம் இல்லைதான், ஆனால் எட்டு இலக்கத் துல்லியத்தில் அளந்துவிட்டு நான்காவது இலக்கத்தில் கோட்டை விடுவது அநியாயம்.

இவை இரண்டையும்விட நயமான ஒரு சிக்கல் உண்டு. உங்கள் கருவிக்கு எல்லாக் கோடுகளும் தெரியாமல் போகலாம். 345.796, 461.041 என்ற இரண்டு மட்டும் கிடைத்தால்? இடைவெளி 115.245. முதல் கோட்டை இந்த இடைவெளியால் வகுத்துப் பாருங்க: 3.0005. முழு எண்ணுக்கு ரொம்பப் பக்கம். அப்படியானால் அது மூன்றாவது கோடு, நடுவில் எதுவும் விடுபடவில்லை, சரி. அதுவே 115.27, 345.80, 576.27 என்று ஒன்றுவிட்டு ஒன்று கிடைத்திருந்தால், இடைவெளி 230.53. முதல் கோட்டை வகுத்தால் 0.5. முழு எண் இல்லை. நடுவில் ஏதோ காணவில்லை என்று உடனே தெரிந்துவிடும்.

ஆனால் 230, 461, 691 மட்டும் கிடைத்தால் இந்தச் சோதனை ஏமாந்துபோகும். வகுத்தால் 1, 2, 3 என்று அழகாக முழு எண்கள் வரும். விடை மட்டும் மறுபடியும் அந்த 0.80. ஆகவே 230-க்குக் கீழே, 115-ல் கோடு உண்மையிலேயே இல்லையா என்று தேடிப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும்.

இடைவெளி சமமாக இருக்கிறதா?

பாடப்புத்தகம் 'சம இடைவெளிக் கோடுகள்' என்று சொல்லும். மேலே உள்ள ஆறு எண்களை நீங்களே கழித்துப் பாருங்கள். 115.2668, 115.2580, 115.2448, 115.2271, 115.2052. குறைந்துகொண்டே போகிறது!

இது அளவீட்டுப் பிழை அல்ல. டம்பெல்லின் நடுவில் இருப்பது இரும்புக் கம்பி இல்லை, ஸ்பிரிங். வேகமாகச் சுழலச் சுழல அணுக்கள் வெளியே தள்ளப்படுகின்றன, பிணைப்பு ஒரு துளி நீள்கிறது, I கூடுகிறது, B குறைகிறது. ராட்டினம் வேகமெடுக்கும்போது தொங்கும் நாற்காலிகள் வெளிப்புறமாக விரிவது போல.

அதனால் எந்த இடைவெளியை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். கடைசி இடைவெளியை எடுத்தால் 1.1312, முதல் இடைவெளியை எடுத்தால் 1.1309. இதைச் சரிசெய்ய ஒரு எளிய வழி இருக்கிறது. ஒவ்வொரு கோட்டின் அதிர்வெண்ணையும் அதன் வரிசை எண்ணால் வகுத்துவிடுங்கள். முதல் கோட்டுக்கு 115.2712, ஆறாவதுக்கு 115.2455. இந்த ஆறு எண்களையும் வரிசை எண்ணின் வர்க்கத்துக்கு எதிராக வரைபடத்தில் குறித்தால், மெல்ல இறங்கும் ஒரு நேர்கோடு கிடைக்கும். அதை இடப்பக்கம் நீட்டி, வர்க்கம் பூஜ்ஜியமாகும் இடத்தில் படித்தால் 115.2719. சுழற்சியால் நீளாத மூலக்கூறின் 2B இதுதான். இதிலிருந்து வரும் நீளம் 1.1309 ஆங்ஸ்ட்ராம்.

கோடு எவ்வளவு சரிகிறது என்பதும் வீண் போவதில்லை. ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பு என்பதை அது சொல்கிறது. இந்தச் சரிவிலிருந்து மூலக்கூறின் அதிர்வைக் கணக்கிட்டால் சுமார் 2155 cm⁻¹ வருகிறது. அகச்சிவப்புக் கருவியில் வைத்து நேரடியாகப் பார்த்தால் கோடு 2143-ல் இருக்கிறது. மூலக்கூறு அதிர்வதை ஒருமுறைகூடப் பார்க்காமல், சுழல்வதை மட்டும் பார்த்தே இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம்.

1.131 சரியா, 1.128 சரியா?

இப்போது ஒரு வம்பு. இவ்வளவு கவனமாகப் போட்டு 1.1309 என்று விடை வைத்திருக்கிறீர்கள். தரவு அட்டவணையைத் திறந்தால் கார்பன் மோனாக்சைடின் பிணைப்பு நீளம் 1.128 என்று இருக்கிறது. யார் தப்பு?

யாரும் இல்லை. இரண்டும் வேறு வேறு நீளங்கள்.

மூலக்கூறை எவ்வளவு குளிரவைத்தாலும் அதன் அதிர்வு முழுசாக நிற்காது. மிகக் கீழ்நிலையிலும் கொஞ்சம் ஆடிக்கொண்டேதான் இருக்கும். குவாண்டம் விதி அப்படி. ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் அது பல நூறு முறை அதிர்ந்துவிடும். ஆகவே சுழற்சிக் கோடுகள் காட்டுவது அந்த ஆட்டத்தின் ஒருவகைச் சராசரியை. அட்டவணையில் உள்ள 1.128, ஆடாமல் நின்றால் எங்கே நிற்கும் என்ற நீளம். அதை யாராலும் நேரடியாகப் பார்க்க முடியாது, கணக்கிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

எப்படி? அதிகமாக ஆடும் மூலக்கூறையும் அளந்துவிட வேண்டும். அதிர்வில் ஒரு படி ஏறிய மூலக்கூறின் முதல் சுழற்சிக் கோடு 114.2218 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. அதன் B 57.111, நீளம் 1.136. சாதாரண நிலையில் B 57.636. ஒரு படி அதிர்வுக்கு B 0.525 குறைகிறது. கீழ்நிலையில் இருப்பது அரைப் படி அதிர்வு. ஆகவே அந்த 0.525-ல் பாதியை 57.636-உடன் கூட்டினால், அதிர்வே இல்லாத B கிடைக்கும்: 57.898. இதைப் போட்டுக் கணக்கிட்டால் r = 1.1283. அட்டவணை சொன்ன அதே எண்.

நிஜமாகவே ஆட்டம்தான் காரணம் என்று எப்படி நம்புவது? ஐசோடோப்பை வைத்துச் சோதிக்கலாம். கார்பன்-12-க்குப் பதில் கார்பன்-13 இருந்தால் மூலக்கூறு கனமாகும். பிணைப்பு நீளம் துளியும் மாறாது என்று வைத்துக் கணக்கிட்டால், முதல் கோடு 110.189 கிகாஹெர்ட்ஸில் வர வேண்டும். அளந்தால் 110.201. வித்தியாசம் 12 மெகாஹெர்ட்ஸ், பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கனமான மூலக்கூறு கொஞ்சம் குறைவாக ஆடுகிறது, அதனால் அதன் சராசரி நீளம் ஆங்ஸ்ட்ராமில் ஐந்தாவது தசம இடத்தில் 6 சுருங்கியிருக்கிறது. அந்தச் சுருக்கம்கூட நிறமாலையில் தெரிகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி.

ஆகவே யாராவது பிணைப்பு நீளம் கேட்டால், மூன்று இலக்கம் போதும் என்றால் இடைவெளியைப் பாதியாக்கிக் கணக்குப் போட்டுவிடலாம். நான்காவது இலக்கம் வேண்டும் என்றால், எந்த நீளம் என்று முதலில் திருப்பிக் கேட்க வேண்டும்.

கணக்கைத் தலைகீழாகப் போட்டால்

1970-ல் ராபர்ட் வில்சன், கீத் ஜெஃபர்ட்ஸ், ஆர்னோ பென்சியாஸ் மூவரும் அமெரிக்காவின் கிட் பீக்கில் இருந்த ரேடியோ தொலைநோக்கியை ஓரியன் நெபுலா பக்கம் திருப்பினார்கள். 115 கிகாஹெர்ட்ஸில் கோடு தெரிந்தது. எந்த இடத்தில் தேட வேண்டும் என்பது ஆய்வக அளவீட்டால் முன்பே தெரிந்திருந்தது. விண்வெளியில் கார்பன் மோனாக்சைடு இருப்பது அப்படித்தான் உறுதியானது. அங்கே ஹைட்ரஜன் மூலக்கூறுகள்தான் மிக அதிகம். ஆனால் நைட்ரஜனைப் போலவே அதற்கும் இந்த வகைக் கோடுகள் கிடையாது. ஆகவே குளிர்ந்த வாயு மேகம் எங்கே இருக்கிறது என்று தேடுபவர்கள் இன்றும் இந்த 115-ஐத்தான் தேடுகிறார்கள்.

தொலைதூர விண்மீன் மண்டலங்களில் ஒரு வேடிக்கை நடக்கும். பிரபஞ்சம் விரிவதால், அங்கிருந்து வரும் அலைகள் வழியிலேயே நீண்டுவிடும். அலைநீளம் இரண்டு மடங்காகும் அளவு தூரத்தில் ஒரு மண்டலம் இருந்தால், கார்பன் மோனாக்சைடு கோடுகள் 57.64, 115.27, 172.90 என்று வந்து சேரும். அதில் நடுவில் இருப்பது நம் ஊர் முதல் கோடு மாதிரியே இருக்கும், ஆனால் அது இரண்டாவது கோடு. இடைவெளியைப் பாதியாக்கி மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் பிணைப்பு நீளம் 1.60 ஆங்ஸ்ட்ராம் வரும்.

கார்பனும் ஆக்சிஜனும் அங்கே மட்டும் தள்ளி நிற்கின்றன என்று எந்த வானியலாளரும் எழுதுவதில்லை. நீளத்தை 1.131 என்றே வைத்துக்கொண்டு, கோடுகள் எத்தனை மடங்கு இறங்கியிருக்கின்றன என்பதிலிருந்து அந்த மண்டலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.